அறுநூற்றுப் பதினோரு நாள்

(பேராவூரணிப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவருக்கு அறுபது நிறைந்த நாள். கலச நீர் ஊற்றி, மறுபடி தாலி கட்டி முடிந்த பிறகு, பந்தி போடுவதற்கு முன் இருவரும் வாசிப்பது.)

அவர்:

எல்லாருக்கும் வணக்கம். ஐயர் சொல்லச் சொல்ல நானும் மந்திரத்தைத் திருப்பிச் சொன்னேன். ஒன்றும் புரியவில்லை. 1992 ஆவணியிலும் அப்படித்தான். அதனால் இந்தத் தடவை புரிகிற தமிழில் நாலு வார்த்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பிழை இருந்தால் பெரியவளைக் கேளுங்கள், அவள்தான் பார்த்துக்கொடுத்தாள்.

செல்வி, இத்தனை பேர் முன்னால் உன்னை 'நீங்கள்' என்றால் நீயே சிரித்துவிடுவாய். எப்போதும்போல 'நீ' என்றே சொல்கிறேன்.

போன மாசம் என் பழைய பாஸ்போர்ட் மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்திரிகை அடிக்கிற வேலையை விட்டுவிட்டு இவர் என்ன செய்கிறார் என்று நீ எட்டிப் பார்த்தாய். முத்திரை முத்திரையாகப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். 1996இல் வேலைக்காக சவுதியில் இருக்கிற ஜுபைல் போனேன். 2022 பங்குனியில் ஒரேயடியாகத் திரும்பினேன். அந்த 26 வருஷத்தில் பதினோரு தடவை லீவில் வந்திருக்கிறேன். பதினொன்றையும் கூட்டினால் 611 நாள். இரண்டு வருஷம்கூட முழுதாக வரவில்லை. நம் கல்யாணத்துக்கு 33 வருஷம் ஆகிறது என்று மண்டபத்து வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். கணக்கு தெரிந்த எனக்கு அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஏஜென்ட்டுக்குக் கட்ட 45 ஆயிரம் வேண்டும் என்றபோது நீ பேசாமல் உள்ளே போனாய். திரும்பி வரும்போது கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. தாலியை அதில் கோத்துக்கொண்டு, ஐந்து பவுன் சங்கிலியை என் கையில் கொடுத்தாய். "அடகுதானே, மீட்டுக்கலாம்" என்றாய். மீட்க மூன்று வருஷம் ஆனது. இன்றைக்கு நான் கட்டியிருப்பதும் மஞ்சள் கயிறுதான். சங்கிலி பெட்டியில் இருக்கிறது. கயிறே போதும் என்று நீதான் சொன்னாய். ஏன் என்று எனக்குத் தெரியும் என்பதற்காக இதை இங்கே சொல்கிறேன்.

கேம்ப்பில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். நான் மேல் கட்டில். 1997இல் நீ ஒரு கேசட் அனுப்பினாய். லீவு முடிந்து வந்த ஒரத்தநாட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டது. பெரியவள் 'நிலா நிலா ஓடி வா' சொல்கிறாள், அம்மா இருமுகிறது, பின்னால் சேவல் கூவுகிறது. எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். பாகிஸ்தான்காரர் ஒருவர், ஒரு வார்த்தை புரியாதவர், அவரும் உட்கார்ந்திருந்தார். நடுநடுவே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். நீ பேச்சை நிறுத்தி பொத்தானை அமுக்கிய சத்தம். பதினேழு இடத்தில் வருகிறது. அழுகை வந்ததும் நிறுத்தியிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். டேப் தேய்ந்து உன் குரல் கரகரவென்று ஆன பிறகும் அந்தப் பதினேழு இடமும் எனக்கு மனப்பாடம்.

2004இல் அப்பா போனார். பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை என்றார்கள். நான் வந்து சேர்ந்தது பதினெட்டாம் நாள். கொள்ளி வைத்தது அண்ணன் மகன். ஆனால் கடைசி நாலு மாசம் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, கஞ்சி ஊட்டி, துணி மாற்றியது நீ. வந்தவர்கள் எல்லாரும் "மகன் பாலைவனத்தில் கஷ்டப்படுகிறான்" என்று என்னைப் பற்றித்தான் பேசினார்களாம். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன்: அது என் வேலை, நீ செய்தாய்.

2020இல் பெரியவள் கல்யாணம். விமானம் கிடையாது. அது எல்லாருக்கும் தெரிந்த கதை. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து ஐஎம்ஓவில் பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பேச எனக்கு வராது.

இப்போது செல்வி பேசுவாள்.

அவள்:

பெரியவங்க எல்லாரும் என்னை மன்னிக்கணும். எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. மகளிர் குழுவில் கணக்கு வாசித்ததோடு சரி.

என்னங்க, முதலில் உங்கள் கணக்கைத் திருத்தணும். 611 நாள் இல்லை. ஒவ்வொரு லீவிலும் கடைசி வாரத்தைக் கழித்துவிடுங்கள். அந்த வாரம் நீங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. வாசலில் தராசைத் தொங்கவிட்டு, ஊறுகாய், கருவாடு, இட்லிப்பொடி என்று எடை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு கிலோ கூடினால் என் அதிரசம்தான் முதலில் வெளியே வரும். பதினோரு வாரம் என்றால் 77 நாள். மீதி 534தான்.

அப்புறம் அந்தக் கேசட். பதினேழு தடவையும் அழுதேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டா இருந்தீர்கள்? பால் பொங்கிவிட்டது, ஆடு கீரைப் பாத்தியில் இறங்கிவிட்டது, சின்னம்மா கூப்பிட்டார்கள். அதற்கெல்லாம் நிறுத்தினேன். அழுதது மூன்று இடத்தில்தான். எந்த மூன்று என்று வீட்டில் சொல்கிறேன்.

கஜா புயலை நீங்கள் விட்டுவிட்டீர்கள். நான் சொல்கிறேன். 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால். காற்று அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விடிந்து பார்த்தால் எண்பது மரத்தில் 62 மரம் படுத்துக்கிடந்தது. உங்கள் தாத்தா வைத்த மரம். கரண்ட் இல்லை, டவர் இல்லை. மூன்றாம் நாள் டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு, ரோட்டில் கிடந்த மரத்துக்கெல்லாம் இறங்கித் தள்ளி, ஜெனரேட்டர் ஓடுகிற கடைக்குப் போய் இருபது ரூபாய் கொடுத்து சார்ஜ் போட்டு உங்களைக் கூப்பிட்டேன். "மரம் போச்சு, நாங்க இருக்கோம்" என்றேன். நீங்கள் "வரவா?" என்றீர்கள். "வேண்டாம், கொட்டகை போடணும், பணம் அனுப்புங்க" என்றேன்.

அன்றைக்கு நீங்கள் கேட்காமலே வந்திருக்கணும். நான் வேண்டாம் என்றது பணத்துக்காக. ஏழு வருஷமாக இதை மனசில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு உங்களைக் குற்றம் சொல்ல இல்லை. புதுசாக ஒன்று தொடங்கும்போது பழைய பாக்கி இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் திரும்பி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரே சொன்னது. முதல் ஆறு மாசம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவி, துடைத்து, கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைப்பீர்கள். கேம்ப் பழக்கம். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி இருக்கும். என் டப்பாக்களை இடம் மாற்றி வைப்பீர்கள். மோட்டார் எப்போது போடணும் என்று எனக்கே சொல்லிக்கொடுப்பீர்கள். பேச உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. ஒரு நாள் தோப்பிலிருந்து போன் செய்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? முந்நூறு அடி தூரம். அரை மணி நேரம் பேசினோம். போனில்தான் நமக்குப் பேச வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிரிக்காதீர்கள், அத்தாச்சி. சத்தியமாக நடந்தது.

சரி, எழுதிவைத்ததைச் சொல்லிவிடலாம். இலை போட ஆள் காத்திருக்கிறார்கள்.

உறுதிமொழி

அவர்: செல்வி, இந்த வீட்டையும் தோப்பையும் 26 வருஷம் நடத்தியவள் நீ. நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். எதையும் மாற்றுவதற்கு முன் உன்னைக் கேட்பேன். மோட்டாரையும் சேர்த்துத்தான்.

அவள்: நீங்கள் செய்வது தப்பு என்று தெரிந்தால், நான் தனியாக இருந்தபோது செய்த மாதிரி சத்தமில்லாமல் நானே செய்து முடிக்காமல், உங்களிடம் சொல்வேன்.

அவர்: என் தட்டு இனிமேல் அலமாரியில் உன் தட்டோடு இருக்கும்.

அவள்: மஸ்கட்டில் இருக்கிற தம்பிக்குப் போனில் ஒரு மாதிரியும் உங்களிடம் ஒரு மாதிரியும் பேச மாட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் 'நல்லா இருக்கேன்' என்று சொல்ல மாட்டேன். அந்தப் பொய்யை 26 வருஷம் சொன்னது போதும்.

அவர்: நானும் சொல்ல மாட்டேன். 2009இல் கை வெந்தபோது ஜலதோஷம் என்று சொன்னேன். தெரிந்தும் நீ கேட்கவில்லை.

அவள்: தெரியும். எழுத்து இடது கையால் எழுதின மாதிரி இருந்தது.

அவர்: மறுபடி ஒரு விசா வந்தாலும், எவ்வளவு சம்பளம் என்றாலும், போக மாட்டேன்.

அவள்: போவதென்றால் நானும் வருவேன். இல்லையென்றால் இல்லை.

அவர்: கஜாவுக்குப் பிறகு நீ வைத்த நெட்டைக் கன்றுகள் இந்த வருஷம் பாளை விட்டிருக்கின்றன. முதல் காயை நீ சொல்கிற ஆள் வெட்டுவார். நான் கீழே நின்று பிடிப்பேன்.

அவள்: கீழே நிற்காதீர்கள், தலையில் விழும்.

அவர்: தினமும் அங்கே வேலை முடிந்து எட்டு மணிக்கு நான் கூப்பிடுவேன். இங்கே பத்தரை. நான் வந்து மூன்று வருஷம் ஆகியும் பத்தரைக்கு நீ போனைத் திருப்பிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். இனிமேல் அந்த நேரத்துக்குப் போன் வராது. நான் திண்ணையில் உன் பக்கத்தில் இருப்பேன்.

அவள்: பத்தரைக்கு எனக்குத் தூக்கம் வருகிறதுங்க. இத்தனை வருஷம் உங்களுக்காகத்தான் முழித்திருந்தேன். எட்டரைக்கே வந்து உட்காருங்கள், பேசலாம்.