வயது 37, உயரம் 168 செ.மீ., மற்றவை திருத்தத்துக்கு உட்பட்டவை

முதலில் உயரத்தை முடித்துவிடுவோம். சென்ற ஆண்டு துணை தேடும் இதே செயலியில் நான் வைத்திருந்த குறிப்பில் என் உயரம் 170 செ.மீ. என்று இருந்தது. உண்மையில் அது 168. இடையிலுள்ள 2 செ.மீ. என் காலணிக்குச் சொந்தமானது. நான் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அந்தப் பொய்யால் எனக்குக் கிடைத்த பயன் இவ்வளவுதான்: என்னைச் சந்திக்க வந்த இரண்டு பேருக்கும் முன்னால் மாலை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், இரண்டு முறையும் மறுநாள் முதுகு வலித்தது.

படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்றும் இந்த ஆண்டு எடுத்தவை. மூன்றாவது படம் என் உச்சந்தலையை மேலிருந்து காட்டுகிறது. அதை எடுத்தவர் என் அக்கா. “எப்படியும் ஒருநாள் குனியத்தானே போகிறாய், இப்போதே தெரிந்துகொள்ளட்டும்” என்பது அவருடைய வாதம். அங்கே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு முடி விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்க இரண்டு தைலங்களையும் ஒரு தொப்பியையும் வாங்கினேன். மூன்றில் தொப்பி மட்டுமே சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

தொழிலால் நான் மெய்ப்புப் பார்ப்பவன். பள்ளிப் பாடநூல்கள் அச்சுக்குப் போகும் முன் அவற்றை வரி வரியாகப் படித்து, விட்டுப்போன புள்ளியையும் வேண்டாத இடத்தில் வந்து உட்கார்ந்த ஒற்றையும் பிடிப்பதுதான் 14 ஆண்டுகளாக என் வேலை. மெய் என்ற சொல்லுக்கு உடல் என்றும், உண்மை என்றும், புள்ளி வைத்த எழுத்து என்றும் பொருள் உண்டு. உடலின் நிலவரத்தை மேலே பார்த்தீர்கள். உண்மையோடு எனக்கிருந்த 2 செ.மீ. கருத்து வேறுபாடும் தீர்ந்துவிட்டது. மூன்றாவதில் மட்டும் நான் அபாரமானவன். ஆனால், அந்த மூன்றாவதற்காக யாரும் யாரையும் காதலித்ததாக நான் இதுவரை கேள்விப்படவில்லை.

அந்தத் திறமை என் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் போதும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மூன்று வாரங்களாக என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒருவர் இரவு 11 மணிக்கு ஒரு செய்தி அனுப்பினார்: “ஏனோ தெரியவில்லை, இப்போதே உங்களை பார்க்க தோன்றுகிறது.” என் நெஞ்சு படபடத்தது உண்மை. விரல்கள் நெஞ்சின் பேச்சைக் கேட்கவில்லை. “உங்களைப் பார்க்கத் தோன்றுகிறது” என்று எழுதி அனுப்பினேன். நான் திருத்தியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியவில்லை. நானும் அதையே உணர்வதாக நினைத்து ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பினார். அத்தோடு நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தால் இந்தக் குறிப்பை நீங்கள் படிக்க வேண்டி வந்திருக்காது. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின்னும், ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சத்துக்குப் பின்னும் வல்லினம் மிகும் என்று விளக்கினேன். எடுத்துக்காட்டு வேறு கொடுத்தேன். அவர் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் மூன்று புள்ளிகள் திரையில் தோன்றின, மறைந்தன, மீண்டும் தோன்றின. கடைசியில் வந்தது ஒரே சொல்: “நல்லிரவு.” அதில் பிழை எதுவும் இல்லை.

அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லையும் அனுப்பியிருக்க மாட்டேன். இன்று அவர் வேறொருவரோடு நலமாக இருக்கிறார். திருமண அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்குத்தான் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். இரண்டு பிழைகள் இருந்தன.

இந்தக் குறிப்புக்கு இதற்கு முன் இரண்டு வரைவுகள் உண்டு. முதல் வரைவில் நான் பொறுப்பானவன், பன்முகத் திறமை கொண்டவன், அழுத்தமான சூழலிலும் பணியாற்றக்கூடியவன். அதைப் படித்த அக்கா, எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறாய் என்று கேட்டார். அடக்கம் வேண்டும் என்றுதான் சொல்கிறார் என எண்ணி, இரண்டாம் வரைவில் என்னை நன்றாகவே தாழ்த்திக்கொண்டேன். தனிமை, மழை, அணையாத மேசை விளக்கு எல்லாம் அதில் வந்தன. “இதைப் படிப்பவர் உன்னைக் காதலிக்க மாட்டார், உனக்கு நன்கொடை அனுப்புவார்” என்றார். அந்த விளக்கு அணையாததற்குக் காரணம் தனிமை அல்ல, அதன் பொத்தான் கெட்டிருந்ததுதான். மாற்றிவிட்டேன், இப்போது அணைகிறது.

இனி, பழகிய பிறகு நீங்களாகவே கண்டுபிடிக்கப் போகும் சிலவற்றை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். எனக்குச் சண்டை போடத் தெரியாது. இதை நற்குணம் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மை என்னவென்றால், சண்டை நடக்கும்போது எனக்குப் பதில் வராது; மூன்றாம் நாள் வரும். அதற்குள் மற்றவர் சண்டையை மறந்து, சமாதானமாகி, ஜன்னல் திரைக்கு எந்த நிறம் நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருப்பார். அப்போது நான் முன்னுரை, மறுப்பு, நிறைவுரை எல்லாம் அமைந்த, மெய்ப்பும் பார்த்து முடித்த ஒரு பதிலோடு வந்து நிற்பேன். நான்கு ஆண்டுகள் நீடித்த என் முந்தைய உறவில் இப்படிப் பலமுறை நடந்தது. அந்த உறவு முடிந்ததற்கான காரணங்களில் சரிபாதி என் பெயரில் இருக்கிறது. மறுபாதியைப் பற்றிச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. ஒரு முன்னேற்றத்தையும் குறிப்பிட வேண்டும்: மூன்று நாட்களாக இருந்த அந்த இடைவெளி இப்போது ஏறக்குறைய ஒரு நாளுக்குச் சுருங்கியிருக்கிறது. அன்றே பதில் சொல்லும் நாளும் வரலாம். அன்று என்ன உளறுவேனோ தெரியாது.

வண்டி ஓட்டுவேன். முன்னோக்கி மட்டும் நன்றாக ஓட்டுவேன். இரண்டு வண்டிகளுக்கு நடுவே பின்னோக்கிச் செலுத்தி நிறுத்துவது என்பது எனக்கு வாய்க்காத கலை. ஒருமுறை முயன்றபோது, வழியில் போய்க்கொண்டிருந்த ஒரு முதியவர் நின்று கையால் வழிகாட்டத் தொடங்கினார். ஐந்து நிமிடம் கழித்து, “இறங்குங்கள் தம்பி” என்று சொல்லி அவரே நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து, காலியாகக் கிடக்கும் இடம் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன். சந்திப்புக்கு நான் வேர்த்து விறுவிறுத்து வந்தால் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்வமும் கொஞ்சம் இருக்கும்.

காலை 5 மணிக்கு எழுவேன், அதுவும் உற்சாகமாக எழுவேன். இதைக் கேட்டு யாரும் பாராட்டத் தேவையில்லை. அந்த நேரத்தில் ஒரு மனிதன் பேச விரும்புவது பிறருக்கு எவ்வளவு பெரிய துன்பம் என்பதை என்னோடு தங்கிய நண்பர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஈடாக இரவு 10 மணிக்குமேல் நான் எதற்கும் உதவ மாட்டேன். நாம் சேர்ந்து பார்க்கும் எந்தப் படத்தின் முடிவையும் நீங்கள்தான் மறுநாள் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஆடத் தெரியாது, விழாக்களில் மேசையருகே நின்று கைதட்டும் கூட்டத்தில் என்னைத் தேடலாம், அங்கும் தாளம் தப்பியே இருக்கும்.

ஒரே கதையை மீண்டும் மீண்டும் சொல்லும் பழக்கமும் உண்டு. வண்டி நிறுத்திய முதியவரின் கதையை இதோ உங்களுக்கே சொல்லிவிட்டேன். நேரில் சந்திக்கும்போது மறுபடியும் சொல்வேன், அப்போது ஐந்து நிமிடம் பத்து நிமிடமாகியிருக்கும்.

என்னிடம் நல்லவையே இல்லை என்று சொன்னால் அதுவும் 170 செ.மீ. போன்ற பொய்தான். வருகிறேன் என்று சொன்ன நேரத்தில், மேற்சொன்ன நடைதூரத்தையும் கணக்கில் சேர்த்து, வந்துவிடுவேன். பேசுபவரின் வாக்கியம் முடியும்வரை கேட்பேன். பிறர் விடும் எழுத்துகளைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, பிறர் சொல்லாமல் விடுவதும் ஓரளவு தென்படும். உங்களுக்குப் பிடிக்காதது எது என்று ஒருமுறை சொன்னால் போதும், நினைவில் இருக்கும். பாத்திரங்களைக் கழுவுவேன். அவற்றைத் துடைத்து எடுத்து வைப்பது வேறொரு துறை. அதற்கு ஆள் தேவைப்படுகிறது. தவறு செய்தால் மன்னிப்புக் கேட்பேன், ‘ஆனால்’ என்ற சொல் அதில் வராது. அதை அடித்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

30 முதல் 42 வயதுக்குள் உள்ள, தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த ஒரு பெண்ணைச் சந்திக்க விரும்புகிறேன். என்னைத் திருத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு வர வேண்டாம். அந்த வேலையின் களைப்பு எனக்குத் தெரியும், விடுமுறை நாளில் யாருக்கும் அதை விதிக்க மாட்டேன். குழந்தைகள் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எத்தனை என்பதில் உண்டு. நீங்கள் வேண்டாம் என்று உறுதியாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இருவருக்கும் நேரம் மிச்சமாகும். முதல் சந்திப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில், முடிந்தால் நடந்துகொண்டே பேசலாம். நடந்துகொண்டிருந்தால் என் உச்சந்தலை உங்கள் கண்ணில் படாது என்பதும் ஒரு காரணம்.

எழுத வேண்டுமென்றால் உங்களைப் பற்றி நீங்கள் சொல்லி நீங்களே சிரித்த ஒரு பொய்யை எழுதுங்கள். என்னுடையது 2 செ.மீ., உங்களுடையது எவ்வளவு என்று தெரிந்தால் பேச்சு எளிதில் தொடங்கிவிடும். உங்கள் செய்தியில் ஒற்று மிகுந்தாலும் மிகாவிட்டாலும் ஒரு சொல்கூடச் சொல்ல மாட்டேன். என் முகம் எப்படி மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. மனிதர் எழுதியது போல் தெரிய வேண்டுமென்றால் எங்காவது ஒரு பிழையை விட்டு வை என்று அக்கா சொன்னார். நியாயமாகப் பட்டது. நான்காம் பத்தியில் ஓர் ஒற்றை நீக்கிவிட்டு, ஏதோ பெரிய துணிச்சல் செய்தவனைப் போல நேற்று இரவு 10 மணிக்குப் படுத்தேன். 2 மணிக்கு எழுந்து போட்டுவிட்டேன்.