பண்ணைக்குப் போகிறோம்: 3-ஆம் வகுப்பு பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை நம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பண்ணைக்கு அழைத்துப் போகிறோம். காலை 8.30-க்குப் பள்ளியிலிருந்து பேருந்து கிளம்பும். மாலை 4 மணிக்குள் திரும்பிவிடுவோம்.

பிள்ளையின் டைரியில் ஒட்டியிருக்கும் அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டு, புதன்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அன்று உங்களை உடனே பிடிக்கக்கூடிய போன் எண்ணையும் அதில் எழுதுங்கள். கையெழுத்து இல்லாமல் யாரையும் பேருந்தில் ஏற்ற முடியாது. போனில் சொன்னால் போதாது.

சீருடை வேண்டாம். சேறு பட்டாலும் நீங்கள் வருத்தப்படாத பழைய உடையாக இருக்கட்டும். முழுக்கால் பேன்ட் நல்லது, புல் காலில் கீறாது, பூச்சியும் கடிக்காது. செருப்பு வேண்டவே வேண்டாம், மூடிய ஷூ மட்டும். போன முறை ஒரு பிள்ளையின் புது வெள்ளை ஷூ மாட்டுச் சாணத்தில் கணுக்கால்வரை இறங்கிவிட்டது. அழுகையை நிறுத்தவே அரைமணி நேரம் ஆனது! தொப்பியும், ஒரு மாற்று உடையும் பையில் இருக்கட்டும்.

மதிய உணவும் தண்ணீரும் வீட்டிலிருந்தே வர வேண்டும். வெயிலில் கெடாததாக, கையில் எடுத்துச் சாப்பிட எளிதானதாகக் கொடுங்கள். விலங்குகளைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்துத்தான் சாப்பிட உட்கார வைப்போம். நிலக்கடலை, பால் என்று எந்த ஒவ்வாமை இருந்தாலும், ஆஸ்துமா இருந்தாலும் படிவத்தில் எழுதுங்கள். அப்புறம், இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளைகள் அதை மறக்கக் கூடாது. வைக்கோல் தூசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

உதவிக்கு 2 பெற்றோர் கூட வந்தால் நன்றாக இருக்கும். விருப்பமுள்ளவர்கள் படிவத்தின் பின்பக்கம் எழுதி அனுப்புங்கள்.

வகுப்பு ஆசிரியை