சனிக்கிழமை ராத்திரி மைதானத்தில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் நன்றி

எங்கள் வானியல் மன்றம் 2025 ஜனவரி 25 அன்று நடத்திய வான்நோக்கு இரவு முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. உடனே எழுதியிருக்க வேண்டும். கணக்கு முடித்து, வாங்கின சாமான்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தோம். நேற்று மதியம் மைக்செட் அண்ணன் கடையில் கடைசி ஒயரையும் ஒப்படைத்தாயிற்று.

அரசு உயர்நிலைப் பள்ளி மைதானத்துக்கு 150 பேர் வருவார்கள் என்று நினைத்துத்தான் ஏற்பாடு செய்தோம். நுழைவு நோட்டில் எழுதியதே 340 பேர். கைக்குழந்தையோடு வந்தவர்கள், வேலை முடிந்து அப்படியே சைக்கிளில் வந்து இறங்கியவர்கள், எழுதாமல் உள்ளே போனவர்கள் எல்லாம் இதில் சேரவில்லை. இருந்தது இரண்டு தொலைநோக்கி, இரண்டு பைனாகுலர். அத்தனை பேரும் சனியைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் தேனிப் பக்கம் மேற்கே மலை நிற்பதால் எட்டரை மணிக்கு மேல் சனியை நம்ப முடியாது. ஏழிலிருந்து அந்த ஒன்றரை மணி நேரத்தில் வரிசை தள்ளுமுள்ளு இல்லாமல் நகர்ந்தது என்றால் அது முழுக்க முழுக்க வரிசையைப் பார்த்துக்கொண்ட பதினோரு பேர் செய்த வேலை.

கண்ணில் படாமல் வேலை செய்தவர்களைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். தொலைநோக்கி பக்கத்தில் நின்றவர்களை ஊரே பார்த்தது, போட்டோவிலும் அவர்கள்தான் இருக்கிறார்கள். கேட்டில் நின்ற முத்து, சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்ட தாவரவியல் இரண்டாமாண்டுத் தம்பிகள் மூன்று பேர், சுண்டல் கொடுத்த கவிதா, பாத்ரூம் பக்கம் டார்ச்சோடு நின்று சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த நந்தினி, இவர்கள் ஐந்தரை மணியிலிருந்து பத்து மணி வரை ஒரு தடவைகூடத் தொலைநோக்கியின் ஐபீஸில் கண் வைக்கவில்லை. நடுவில் மாற்றி விடுகிறோம் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினோம். "கூட்டம் குறையட்டும் அண்ணே" என்று முத்து திருப்பி அனுப்பிவிட்டான். கூட்டம் குறைந்தபோது சனி மலைக்குப் பின்னால் போய்விட்டது. இது எங்கள் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

சிவகுமாருக்குத் தனியாக ஒரு நன்றி. மினிவேனில் வந்த எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி பள்ளம் மேட்டில் குலுங்கி, மதியம் இறக்கிப் பார்த்தபோது கண்ணாடிகள் இரண்டும் நேர்க்கோட்டில் இல்லை. நட்சத்திரம் வால் முளைத்த மாதிரி தெரிந்திருக்கும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்து, ஒரு திருகைத் திருகுவது, குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது, மறுபடி திருகுவது என்று இரண்டு மணி நேரம் போராடிச் சரி பண்ணினார், மதியச் சாப்பாடு நாலரை மணிக்குத்தான். எட்டு மணிக்கு மேல் பனி இறங்கி, குறி பார்க்கும் ஃபைண்டரும் ஐபீஸும் மங்கியபோது, விடுதியிலிருந்து ஹேர் டிரையரைக் கொண்டுவந்து கொடுத்த ரேவதி இல்லாவிட்டால் ஒன்பது மணிக்கே மூட்டை கட்டியிருப்போம்.

தச்சுப் பட்டறை ஐயா செய்து கொடுத்த படி ஸ்டூல் பற்றியும் சொல்ல வேண்டும். வியாழன் அன்றைக்கு எட்டரை வாக்கில் கிட்டத்தட்ட உச்சியில் இருந்தது. குழாய் செங்குத்தாக நிமிர்ந்துவிட்டால் ஐபீஸ் நாலடி உயரத்துக்குப் போய்விடும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாது. ஏறி நின்றாலும் பிடிமானத்துக்குக் குழாயைத்தான் பிடிக்கும், பிடித்தால் வியாழன் ஓடிவிடும். இதைச் சொன்னதும் ஐயா இரண்டு படி வைத்து, முன்னால் ஒரு கைப்பிடியும் சேர்த்து, முனையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "என் பேத்தியும் வருவா, அவளுக்கு நல்லாக் காட்டுங்க" என்றார். அவள் வியாழனையும் பக்கத்தில் இருந்த துணைக்கோள்களையும் பார்த்தாள், இறங்க மனசில்லாமல்தான் இறங்கினாள்.

சனியின் வளையம் இந்த வருடம் நம் பக்கம் விளிம்பைக் காட்டித் திரும்பியிருக்கிறது, மார்ச்சில் கிட்டத்தட்ட மறைந்தே போகும். புத்தகத்தில் பார்த்த மாதிரி அகலமாக இருக்காதே, பிள்ளைகள் ஏமாந்துபோவார்களோ என்று பயந்தோம். ஒரு பையன் பார்த்துவிட்டு "ஊசியில கோத்த பாசி மாதிரி இருக்கு" என்றான். அதற்கப்புறம் வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஊசியையும் பாசியையும்தான் தேடினார்கள்.

இன்னொரு விஷயம். வெள்ளியைப் பார்க்க வந்த ஒரு பாட்டி, "விடிவெள்ளி சாயங்காலம் எதுக்கு மேக்க நிக்குது?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் வெள்ளி முளைத்ததும் தண்ணீர் பாய்ச்சக் கிளம்புவார்களாம். பிரியா அவரை உட்கார வைத்து, கொய்யாப்பழத்தைச் சூரியனாகவும் சுண்டல் கடலையை வெள்ளியாகவும் வைத்துச் சுற்றிக் காட்டினாள். மார்ச் கடைசிக்கு மேல் அது விடியற்காலைப் பக்கம் போய்விடும் என்று சொல்லி, தொலைநோக்கியில் அரைநிலா மாதிரி தெரிந்த வெள்ளியையும் காட்டினாள். பாட்டி பதிலுக்குக் கார்த்திகையைக் காட்டி ஆறு மீனையும் எண்ணச் சொன்னார். எங்களில் பாதிப் பேருக்கு ஐந்துதான் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர், அவருக்கும் நன்றி.

மைதானத்தைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியர், ஏழிலிருந்து பத்து வரை மைதானத்தை ஒட்டிய நாலு தெருவிளக்கையும் அணைத்து வைக்க ஏற்பாடு செய்த ஊராட்சித் தலைவர், அந்த மூன்று மணி நேரமும் இருட்டைப் பொறுத்துக்கொண்ட தெருக்காரர்கள், டார்ச்சுகளுக்கெல்லாம் சிவப்புத் தாள் ஒட்டித் தந்த ஸ்டேஷனரிக் கடை அக்கா, வாடகை வாங்காமல் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்ட மைக்செட் அண்ணன், இரண்டு மூட்டை கடலை கொடுத்த மளிகைக் கடை அண்ணாச்சி, பன்னும் டீயும் அனுப்பிய பேக்கரிக்காரர் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உண்மையில் எல்லாவற்றையும்விடப் பெரிய நன்கொடை அந்த இருட்டுதான். அது இல்லாமல் ஓரியன் நெபுலா என்கிற மங்கலான வாயு மேகத்தை யாருக்கும் காட்டியிருக்க முடியாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். முன்னாள் மாணவர்கள் 7,000, அரிசி ஆலை உரிமையாளர் 5,000, எங்கள் துறை ஆசிரியர்கள் 4,500, ஆக மொத்தம் 16,500 ரூபாய். வேன் வாடகை 3,800, சாப்பாடும் சுண்டல் செலவும் 5,200, டீசல் 700, நட்சத்திர வரைபடம் அச்சடித்தது, பேட்டரி, தாள் வகையில் 2,350. செலவு 12,050 போக 4,450 கையில் இருக்கிறது. ஒரு நல்ல ஐபீஸ் வாங்கலாம் என்று இருக்கிறோம். பணம் கொடுத்தவர்களில் யாருக்காவது வேறு யோசனை இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். பில் எல்லாம் மன்ற அறையில் ஃபைலில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

மறுநாள் காலையில் அதே மைதானத்தில் குடியரசு தினக் கொடியேற்றம். அதனால் பதினொரு மணிக்கு மேல் பேப்பர் கப் பொறுக்கி, பெருக்கி, கொடிக்கம்பத்தைச் சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பதினாலு பேர் கிளம்பினார்கள். காலையில் தலைமை ஆசிரியர் போன் பண்ணி, "ராத்திரி கூட்டம் நடந்த மாதிரியே தெரியலப்பா" என்றார். அந்தப் பாராட்டு அந்தப் பதினாலு பேருக்கு.

முத்து, கவிதா, நந்தினி, தாவரவியல் தம்பிகளே, செப்டம்பரில் சனி ராத்திரி முழுக்க வானத்தில் இருக்கும். மொட்டை மாடியில் தொலைநோக்கியை வைக்கிறோம், வரிசை கிடையாது, கேட்டில் நாங்கள் நிற்கிறோம். நீங்கள் ஆறு பேரும் பார்த்து முடித்த பிறகுதான் மற்றவர்கள்.

அன்புடன்,
வானியல் மன்ற மாணவர்கள்