அளவுப் பட்டியலும் வேலைக் குறிப்பும்: 861 சதுர அடி தரைத்தள வீடு

மேஸ்திரி அண்ணே, இன்ஜினியர் இங்கிலீஷில் கொடுத்த பட்டியலை முழுக்கத் தமிழில் எழுதியிருக்கிறேன். அளவுகள் மீட்டரிலும் மில்லிமீட்டரிலும்தான் இருக்கின்றன, பில்லும் அதில்தான் போடுவார்கள். பக்கத்தில் வரும் அடிக்கணக்கு உங்கள் வசதிக்கு மட்டும்.

1. வானம் தோண்டுதல்: 1.50 × 1.50 × 1.50 மீட்டரில் 12 குழி, மொத்தம் 40.50 கன மீட்டர் (சுமார் 1,430 கன அடி, அதாவது 14.3 யூனிட்).

2. குழியடியில் 1:4:8 கான்கிரீட், 40 மி.மீ. ஜல்லி, 100 மி.மீ. கனம்: 2.70 கன மீட்டர்.

3. புட்டிங், எம்20 கான்கிரீட் (1:1½:3), 20 மி.மீ. ஜல்லி, 1.20 × 1.20 × 0.40 மீட்டரில் 12: 6.91 கன மீட்டர். எம்20 என்றால் 150 மி.மீ. கியூப் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும், அதனால் தண்ணீரை அளந்துதான் ஊற்ற வேண்டும், கலவை இளக வேண்டும் என்று கூட ஊற்றிவிடாதீர்கள்.

4. தூண், எம்20, 230 × 300 மி.மீ., 4.50 மீட்டர் உயரம், 12 எண்ணம்: 3.73 கன மீட்டர்.

5. ரூஃப் கான்கிரீட், எம்20, 125 மி.மீ. கனம், 80.00 சதுர மீட்டர்: 10.00 கன மீட்டர். 125 மி.மீ. என்பது 5 அங்குலம் இல்லை, 2 மி.மீ. குறைவு, சென்ட்ரிங் மட்டத்தை டேப்பின் மில்லிமீட்டர் பக்கத்தை வைத்தே பாருங்கள்.

6. முறுக்குக் கம்பி, எஃப்இ 500டி, ஐஎஸ் 1786: மொத்தம் 1,650 கிலோ. இதில்தான் மாற்றிக் கொடுப்பார்கள் அண்ணே. 500 வேறு, 500டி வேறு: இரண்டுக்கும் பலம் 500தான், ஆனால் இழுத்தால் அறுவதற்கு முன் 500 குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500டி 16 சதவீதம். கம்பி மேல் புடைப்பாக அடித்திருப்பதைப் படித்துப் பார்த்து, டி இல்லை என்றால் லாரியிலிருந்து இறக்கவே விடாதீர்கள். 12 மீட்டர் கம்பி ஒன்றின் கணக்கு எடை, 8 மி.மீ. என்றால் 4.74 கிலோ, 10 மி.மீ. 7.40, 12 மி.மீ. 10.66. அப்புறம் கவர் பிளாக்: புட்டிங்குக்கு 50 மி.மீ., தூணுக்கு 40, ரூஃபுக்கு 20. ஜல்லித் துண்டை முட்டுக் கொடுக்க வேண்டாம்.

7. செங்கல் சுவர், 230 மி.மீ. கனம், 1:6 கலவை: 28.40 கன மீட்டர். வாசல், ஜன்னல் திறப்புகளைக் கழித்த அளவு இது.

8. உள்பூச்சு, 12 மி.மீ., 1:5 கலவை: 210.00 சதுர மீட்டர் (சுமார் 2,260 சதுர அடி).

சிமெண்ட் ஓபிசி 53 கிரேடு, 50 கிலோ மூட்டை. 43 கிரேடோ பிபிசியோதான் கிடைக்கிறது என்று கடையில் சொன்னால் நீங்களாக வாங்கிவிடாமல் இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள், பிபிசி என்றால் தண்ணீர் விட வேண்டிய நாளும் 7 இல்லை, குறைந்தது 10.