இருபத்திநாலு புளியங்கொட்டை

மூன்று விரலை மாற்றி மாற்றி வைத்த பிறகுதான் மெஷினில் ரேகை விழுந்தது. நாற்பது வருஷம் பீடி சுற்றிய விரலில் ரேகைக்கு எங்கே போவது? பென்ஷன் 1,200 ரூபாயை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு வீடு வந்தாள் ஆச்சி.

திண்ணையில் முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் புளியங்கொட்டையைப் பரப்பினாள். ஒரு கொட்டை ஐம்பது ரூபாய். மொத்தம் இருபத்திநாலு.

"எழுதிக்கிடட்டுமா ஆச்சி?" என்றாள் பேத்தி. ஒன்பதாம் வகுப்பு.

"நீ பாத்துக்கிட்டிரு, போதும்."

பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீடு தேடி வந்துவிடுகிறது. கண் சொட்டு மருந்துதான் மெடிக்கலில் வாங்க வேண்டும், 340 ரூபாய். ஏழு கொட்டை. ரேஷனில் அரிசிக்குக் காசில்லை. பருப்பு, பாமாயில், சீனிக்கு 80 ரூபாய். இரண்டு. மிளகாய், மல்லி, தேயிலை, சோப்பு என்று கடைக்கு ஏழு. சிலிண்டருக்கு மாசாமாசம் எடுத்து வைப்பது நாலு.

மிச்சம் நாலு.

"பள்ளிக்கூடத்துல என்ன கேட்டாவ?"

"ஒண்ணும் கேக்கல."

"ஏட்டி."

"கணக்குக்கு ஒரு கைடு. 280."

புத்தகம், நோட்டு எல்லாம் சர்க்கார் கொடுத்துவிடுகிறது. ஆனால் கைடு கொடுக்காதே. ஆச்சி பேத்தியின் காலைப் பார்த்தாள். செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

கண் மருந்துக் கொட்டை ஏழையும் ஆச்சி மிச்சத்தோடு சேர்த்துத் தள்ளினாள். பதினொன்று. கைடுக்கு ஆறு, செருப்புக்கு நாலு. ஒன்று கையில் நிற்கும்.

"மருந்து?"

"பழைய பாட்டில்ல பாதி கெடக்குட்டி. இந்த மாசம் ஓடிரும்."

பேத்தி உள்ளே போனாள். மாடக்குழியில் இருந்த பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்து அமுக்கினாள். காற்றுதான் வந்தது. இரண்டு கண்ணிலும் ராத்திரி தவறாமல் விடணும், விடாவிட்டால் போகிற பார்வை திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது கூட நின்றவள் அவள்தான்.

வெளியே வந்து, அடுப்பைப் பார்ப்பதற்காக ஆச்சி எழுந்த நேரத்தில், ஏழு கொட்டையைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள்.

ஆச்சி திரும்பி வந்து உட்கார்ந்தாள். சாயங்கால வெளிச்சத்தில் அவளுக்குக் கொட்டையும் முறமும் ஒன்றாகத்தான் தெரியும். விரலால் தடவினாள். மெஷினுக்குப் பிடிபடாத அந்த விரலுக்கு எண்ணிக்கை தப்பாது.

"இது ஏழுல்லா?"

"ஆமா. மேலத்தெரு அக்கா பத்தாவது போயிட்டா. அவ கைடை நூறு ரூவாய்க்குத் தாரேன்னா."

"முழுசா இருக்கா?"

"கடைசி பாடம் மட்டும் கிழிஞ்சிருக்காம்."

"அப்போ நூறு ஜாஸ்தி" என்றாள் ஆச்சி. "எம்பது சொல்லு. நானும் வாரேன், அந்த டார்ச்சை எடு."

பேத்தி ஊக்கைச் சரியாக மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.