மனப்பதற்றத்துக்கான சிகிச்சைத் திட்டம்: ஆகஸ்ட் 12 முதல் அக்டோபர் 28, 2025 வரை

உங்கள் கைப்பிரதி. பெண், வயது 34, அல்சூர், பெங்களூரு. ஒயிட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் கணவர், மாமியார், ஆறு வயது மகள்.

கடந்த இரண்டு சந்திப்புகளிலும் நாம் பேசியதை வைத்து எழுதியது இது. ஆங்கிலத்தில் இருந்தால் வீட்டில் யாருக்கும் காட்ட முடியாது என்றீர்கள், அதனால் தமிழில். எதையாவது மாற்ற வேண்டும் என்று தோன்றினால் பேனாவால் அடித்துக் கொண்டுவாருங்கள்.

இப்போதைய நிலை

ஏழெட்டு மாதமாகவே பெரும்பாலான நாட்களில் கவலை. மகளின் ஸ்கூல் வேன், கிருஷ்ணகிரியில் தனியாக இருக்கும் அம்மாவின் சர்க்கரை, ஆபீசில் தவறான கணக்குக்குப் பணம் போய்விடுமோ என்ற பயம் என்று ஒன்று விட்டால் ஒன்று. கூடவே தோள்பட்டை இறுக்கம், படபடப்பு, எரிச்சல், தூக்கம் வராமை. குடும்ப டாக்டர் பார்த்த தைராய்டு, ரத்தச் சோதனை இரண்டும் சரியாக இருக்கின்றன. படபடப்புக்கு அந்தப் பக்கம் காரணம் தேட வேண்டியதில்லை.

பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 கேள்வித்தாளில் உங்கள் மதிப்பெண் 21-க்கு 13. 10 முதல் 14 வரை மிதமான பதற்றம், 15-ம் அதற்கு மேலும் கடுமையானது. மனச்சோர்வுக்கான பிஹெச்க்யூ-9 தாளில் 7, அதாவது லேசானது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்றீர்கள், நேரில் கேட்டபோதும் அதையே சொன்னீர்கள். கண்டறிதல்: பொதுமைப்படுத்தப்பட்ட பதற்றக் கோளாறு, மிதமான அளவு.

இலக்குகள்

முதல் சந்திப்பில் ‘தைரியமா இருக்கணும், டென்ஷனே ஆகக் கூடாது’ என்று எழுதித் தந்தீர்கள். அந்த ஆசை புரிகிறது. ஆனால் டென்ஷனே இல்லாத அம்மாவை நான் இதுவரை பார்த்ததில்லை. தைரியம் வந்ததா என்று அளக்கவும் முடியாது. பதற்றம் உங்களை என்ன செய்ய வைக்கிறது என்பதை எண்ணிவிடலாம். அதனால் கீழே உள்ளவை எல்லாம் எண்ணக்கூடியவை.

*முதல் இலக்கு: போன்.* சென்ற வாரம் உங்கள் கால் லிஸ்ட்டைச் சேர்ந்து பார்த்தோம். வேன் டிரைவர், மாமியார், அம்மா மூவருக்கும் சேர்த்து, சும்மா உறுதிப்படுத்திக்கொள்ள மட்டும் தினமும் சராசரியாக 11 அழைப்புகள். செப்டம்பர் 2-க்குள் இது 7 ஆக வேண்டும், செப்டம்பர் 30-க்குள் 4, அக்டோபர் 28-க்குள் 2. மருந்து விஷயமாகவோ சமையல் விஷயமாகவோ பேசுவது கணக்கில் வராது.

இதைப் படிப்படியாகத்தான் செய்யப் போகிறோம். வேன் வீட்டுக்கு வரும் நேரம் 3:45. நீங்கள் மூன்றரைக்கே டிரைவரைக் கூப்பிட ஆரம்பிக்கிறீர்கள், அவர் வண்டி ஓட்டிக்கொண்டே எடுக்கிறார். முதல் இரண்டு வாரம் 3:45-க்கு முன் டிரைவருக்கு அழைப்பில்லை. அடுத்த இரண்டு வாரம் டிரைவருக்கு அழைப்பே இல்லை, குழந்தை வந்ததும் மாமியார் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அப்புறம் அந்த மிஸ்டு காலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மிஸ்டு கால் வர வேண்டிய நாளில் 4:15 தாண்டியும் தகவல் இல்லை என்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள், அந்த நேரத்தில் எந்தத் தாயும் கூப்பிடுவாள்.

காத்திருக்கும் அந்தப் பதினைந்து நிமிடம்தான் சிகிச்சை. அப்போது நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன ஆகிவிடும் என்று மனசு சொல்கிறது, பதற்றம் 0 முதல் 100-க்குள் எவ்வளவு, கடைசியில் உண்மையில் என்ன நடந்தது. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். நேற்றைய பயம் பொய்த்துப்போனதை மனசு வெகு சீக்கிரம் மறந்துவிடும்.

*இரண்டாவது: தூக்கம்.* பத்து மணிக்குப் படுத்து, தூங்க ஏறக்குறைய 80 நிமிடம் ஆகிறது. அக்டோபர் 28-க்குள் வாரத்தில் 5 இரவாவது 30 நிமிடத்துக்குள் தூங்க வேண்டும். காலையில் எழுந்ததும் குத்துமதிப்பாகக் குறித்தால் போதும், இரவில் கடிகாரம் பார்க்க வேண்டாம். தூக்கம் கண்ணைச் சுழற்றிய பிறகே படுக்கை. இருபது நிமிடம் போல ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து ஹாலில் உட்காருங்கள், போன் இல்லாமல். காபி ஐந்து டம்ளர் என்பது அதிகம். வாரத்துக்கு ஒரு டம்ளராகக் குறைத்து இரண்டுக்கு வாருங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும்.

*மூன்றாவது: திங்கட்கிழமை மீட்டிங்.* கடைசி நான்கு மீட்டிங்கில் ஒன்றில்கூட நீங்கள் வாய் திறக்கவில்லை. அக்டோபரின் நான்கு திங்கட்கிழமைகளில், தீபாவளி லீவு போக மீதி மூன்றிலும் கேமராவை ஆன் செய்து, ஒரு வாக்கியமாவது தானாகப் பேச வேண்டும். செப்டம்பரில் ஒத்திகை இங்கேயே நடக்கும்.

மாமியார் கட்டிவிட்ட தாயத்து பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். கட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மீட்டிங்கில் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டே பேசாதீர்கள். பேசியது நீங்கள்தான் என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

*மொத்த அளவு.* ஜிஏடி-7 மதிப்பெண் செப்டம்பர் 30-ல் 10 அல்லது அதற்குக் கீழே, அக்டோபர் 28-ல் 7 அல்லது அதற்குக் கீழே.

எப்படிச் செய்வோம்

எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழகும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, 12 அமர்வுகள், செவ்வாய்தோறும் மாலை 6:30, ஒவ்வொன்றும் 50 நிமிடம். தீபாவளிக்கு மறுநாள் (அக்டோபர் 21) நீங்கள் ஊரில் இருப்பீர்கள், அன்று வீடியோவில் பேசலாம்.

தினமும் இரவு 8 முதல் 8:20 வரை கவலைக்கென்று ஒதுக்கிய நேரம். பகலில் வரும் கவலையை ஒரு வரியில் குறித்துவிட்டு வேலைக்குத் திரும்புங்கள், எட்டு மணிக்கு எடுத்துப் பாருங்கள். ஏதாவது செய்யக்கூடியதாக இருந்தால் அடுத்த படி என்ன என்று எழுதுங்கள். ‘ஒருவேளை அப்படி ஆகிவிட்டால்’ வகையாக இருந்தால் அப்படியே விடுங்கள், விடை தேட வேண்டாம்.

மூச்சுப் பயிற்சி காலையும் மாலையும் பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில். வேனுக்காகக் காத்திருக்கும்போது மட்டும் இது வேண்டாம். அங்கே பதற்றம் ஏறி, தானாக இறங்குவதை நீங்கள் பார்க்க வேண்டும்.

கணவரிடம் ‘ஒண்ணும் ஆகாதுல்ல?’ என்று கேட்டால் ஒருமுறை பதில் சொல்வார். இரண்டாம் முறை, ‘எட்டு மணி நோட்டுல எழுதிக்கோ’ என்பார். சென்ற வாரம் நீங்கள் இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டதுதான், அவர் கல்நெஞ்சக்காரர் ஆகிவிட்டதாக நினைக்காதீர்கள்.

ஆபீசில் பேமெண்ட்டை அனுப்பிவிட்டு மறுபடி மறுபடி திறந்து பார்ப்பது இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும், செப்டம்பர் 30-க்குப் பிறகு எடுப்போம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் முதல் வாரமே வெறுத்துவிடும்.

மறுபரிசீலனை

செப்டம்பர் 2, செப்டம்பர் 30, அக்டோபர் 28. எட்டாவது அமர்வில் மதிப்பெண் 13-லிருந்து மூன்று புள்ளிகூடக் குறையவில்லை என்றாலோ, இடையில் எப்போதாவது 15-ஐத் தொட்டாலோ மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். மாத்திரை வேண்டாம் என்ற உங்கள் விருப்பத்தைக் குறித்திருக்கிறேன். மாத்திரை எழுதும் அதிகாரமும் எனக்கில்லை. ஆனால் அவரிடம் பேசிப் பார்ப்பது மாத்திரைக்குச் சம்மதித்ததாக ஆகாது.

அவசரத்தில்

உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் செவ்வாய் வரை காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். நேரில் போவதானால் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவிலும் இயங்கும்.

நீங்கள் சொல்வது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி ரகசியமாக இருக்கும். உங்களுக்கோ பிறருக்கோ உயிராபத்து என்ற நிலையில் மட்டும் தேவையானதை, தேவையானவரிடம் சொல்வேன். உங்கள் கணவர் கேட்டாலும் உங்களைக் கேட்காமல் எதுவும் சொல்ல மாட்டேன். ஆபீசுக்கு எந்தத் தகவலும் போகாது. திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தும்போது ஒரு அமர்வு வந்து சொல்லிவிட்டுப் போனால் நல்லது.

ஆகஸ்ட் 12 அன்று இருவரும் படித்துக் கையெழுத்திட்டோம். அடுத்த சந்திப்பு ஆகஸ்ட் 19. நோட்டும் போனும் எடுத்து வாருங்கள், கால் லிஸ்ட்டை அழிக்காமல்.