பேரிடர்ச் செவிலியம்: ட்ரையேஜ் மேசைப் பயிற்சி

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். ஒன்றரை மணி நேரம். ஒரு மேசைக்கு ஆறு பேர்.

தொடங்கும் முன்

வார்டில் நமக்குப் பழகிய கேள்வி, "இவருக்கு இன்னும் என்ன செய்யலாம்?" என்பது. விபத்துக் களத்தின் முதல் நிமிடங்களில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஒருவர் அருகே குனிந்து, யாருக்கு முதலில் சிகிச்சை என்று காட்டும் நிறத்தை ஒரு நிமிடத்துக்குள் முடிவு செய்து, அட்டையைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். நிறத்தைச் சொல்வது எளிது, ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். எழுந்து போவதுதான் கைவராத வித்தை. இன்றைய பயிற்சி அதற்காகத்தான்.

பெரியவர்களுக்கு ஸ்டார்ட் முறை. 1983இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் ஹோக் மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து வகுத்தது. நடக்கக்கூடியவர் பச்சை. மூச்சில்லை என்றால் மூச்சுப்பாதையைத் திறந்து பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் கறுப்பு, மூச்சு வந்தால் சிவப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் என்றால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லை, அல்லது நகத்தை அழுத்திவிட்டபின் நிறம் திரும்ப 2 வினாடிக்கு மேல் ஆகிறது என்றால் சிவப்பு. எளிய கட்டளைக்குப் பணியாதவரும் சிவப்பு. இவை எதிலும் சிக்காமல், நடக்கவும் முடியாதவர் மஞ்சள். இடையில் நீங்கள் செய்யலாம் என்று அனுமதிக்கப்பட்ட சிகிச்சை இரண்டே: மூச்சுப்பாதையைத் திறப்பது, பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது.

சிறுவர்களுக்கு ஜம்ப்ஸ்டார்ட் முறை, 1995இல் டாக்டர் லூ ரோமிக் உருவாக்கியது. வேறுபாடு முக்கியமாக இரண்டு இடங்களில். மூச்சில்லாமல் நாடி மட்டும் இருந்தால் ஐந்து முறை மூச்சு ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சு எண்ணிக்கை 15க்குக் கீழ் அல்லது 45க்கு மேல் போனால்தான் சிவப்பு.

சூழல் (முழுக்கக் கற்பனை)

பொங்கல் விடுமுறை முடிந்த ஞாயிறு. அதிகாலை 4.40. விழுப்புரத்திலிருந்து சென்னை செல்லும் பஸ் ஒன்று, திண்டிவனத்துக்குச் சற்று முன்பாக, சாலையோரம் நின்ற லாரியின் பின்புறம் மோதியிருக்கிறது. அடுத்து வந்த பஸ்ஸில் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த செவிலிய மாணவர்கள் ஆறு பேர் இறங்குகிறீர்கள். முதல் 108 வந்துவிட்டது. அதன் மருத்துவ உதவியாளர் கட்டுப்பாட்டு அறையுடன் பேசிக்கொண்டே ட்ரையேஜ் அட்டைக் கட்டை உங்களிடம் நீட்டுகிறார்: "பிரிக்கிற வேலையை நீங்கள் பாருங்கள்."

இருவர் பிரிப்பவர்கள், ஒருவர் குறிப்பெடுப்பவர், ஒருவர் ஆம்புலன்ஸ் ஒழுங்கு, ஒருவர் பச்சைக்காரர்களுக்குப் பொறுப்பு, ஒருவர் கடிகாரம் பிடிக்கும் பார்வையாளர். சார்ட்டில் சாலையை வரைந்து பஸ், லாரி, 108 மூன்றையும் வையுங்கள்.

முதல் கேள்வி நோயாளியைப் பற்றியதல்ல: பின்னால் வரும் வண்டிகளை யார் நிறுத்துகிறார்கள்? டீசல் ஒழுகுகிறதா என்று யார் பார்த்தது? இதற்குப் பதில் வராத மேசைக்கு நோயாளி அட்டைகளைத் தர வேண்டாம்.

அட்டைகள்

அட்டையின் முன்பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவது மட்டும் இருக்கும். பின்பக்கத்தைப் பார்க்க, "மூச்சை எண்ணுகிறேன்", "நாடி பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பி.பி. கேட்பவருக்குப் பயிற்றுநர் சொல்ல வேண்டிய பதில்: "கருவி இல்லை, பத்து வினாடி போயிற்று." யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

அட்டை 1. நடத்துநர், 45. நெற்றியில் ரத்தம், உரக்கக் கத்துகிறார், உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறார். பின்பக்கம்: நடக்கிறார்.

அட்டை 2. இளைஞர், 22. அசைவில்லை. நண்பர் அவர் மார்பை அழுத்திக்கொண்டே, "அக்கா, நிறுத்தாதீங்க" என்கிறார். பின்பக்கம்: மூச்சில்லை, மூச்சுப்பாதையைத் திறந்தபின்னும் இல்லை.

அட்டை 3. சிறுமி, சுமார் 6. இருக்கைக்கு அடியில். பின்பக்கம்: மூச்சில்லை, நாடி உண்டு. ஐந்து முறை ஊதியபின் மூச்சு வருகிறது.

அட்டை 4. ஏழு மாதக் கர்ப்பிணி, 28. சாலையோரம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்திருக்கிறார், எழ முடியவில்லை. பின்பக்கம்: மூச்சு 26, நாடி உண்டு, சொன்னபடி செய்கிறார்.

அட்டை 5. முதியவர், 70. கால் மடங்கிக் கிடக்கிறார். மூச்சு 22, நாடி உண்டு. "கையை இறுக்குங்கள்" என்றால் வெறித்துப் பார்க்கிறார். யாராவது கையால் செய்து காட்டினால் மட்டும் பயிற்றுநர் சேர்த்துச் சொல்ல வேண்டியது: "உடனே இறுக்குகிறார்." காது கேட்கும் கருவி விழுந்துவிட்டது.

அட்டை 6. ஆண், 35. தொடையிலிருந்து ரத்தம் பீறிடுகிறது. மூச்சு 28, நாடி உண்டு, சொன்னபடி செய்கிறார்.

அட்டை 7. பெண், 50. ஒரு பக்க நெஞ்சைப் பிடித்தபடி, பேச்சு துண்டு துண்டாக. மூச்சு 38.

அட்டை 8. பஸ் ஓட்டுநர். ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் இடையில் கால்கள் சிக்கியுள்ளன. மூச்சு 34.

எட்டு அட்டைக்கும் சேர்த்து எட்டு நிமிடம். இருட்டில் கைபேசி வெளிச்சத்தில் நகத்தின் நிறம் தெரியாது, மணிக்கட்டு நாடியை நம்புங்கள்.

பத்து நிமிடம் கழித்து

பயிற்றுநர் மூன்று செய்திகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்.

ஒன்று: அட்டை 6இன் கட்டு நனைந்துவிட்டது. மூச்சு 34, மணிக்கட்டில் நாடி இல்லை.

இரண்டு: அட்டையில் வராத மற்றப் பச்சைக்காரர்களில் ஒன்பது பேர் அவ்வழியே வந்த வேனில் ஏறித் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள்.

மூன்று: இன்னொரு 108 வந்திருக்கிறது. வண்டிக்கு ஒருவரைப் படுக்கவைக்கலாம். அட்டை 4இன் கணவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

கலந்துரையாடல்: பயிற்றுநருக்கு

விடைகள்: 1 பச்சை, 2 கறுப்பு, 3 சிவப்பு, 4 மஞ்சள், 5 மஞ்சள், 6 முதலில் மஞ்சள் பிறகு சிவப்பு, 7 சிவப்பு, 8 சிவப்பு.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது அட்டை 2க்கு. பெரும்பாலான மேசைகளில் ஒருவர் சி.பி.ஆர். தொடங்கிவிடுவார். அவரைக் கண்டிக்காதீர்கள். பார்வையாளரிடம், "அந்த நேரத்தில் அட்டை 3க்கு யார் போனார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கறுப்பு அட்டை இறப்புச் சான்றிதழ் அல்ல என்பதும் இங்கே தெளிவாக வேண்டும். இறப்பை உறுதி செய்வது மருத்துவரின் பொறுப்பு. சிவப்புகள் போய்க் கைகள் ஓய்ந்ததும் கறுப்பிடம் திரும்பி வந்து பார்க்க வேண்டும். நண்பரிடம் என்ன சொல்வது என்பதை மாணவர்களே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். "நான் மறுபடி வருவேன். இப்போது அந்தக் குழந்தைக்கு வெளிச்சம் பிடியுங்கள்" என்று ஒரு வேலையைக் கையில் கொடுப்பது, ஆறுதல் வார்த்தைகளைவிட நன்றாகவே பலிக்கும்.

அட்டை 4க்குச் சிவப்புக் கொடுத்தவர்கள் இருப்பார்கள். ஸ்டார்ட் முறையில் கர்ப்பத்துக்குத் தனி விதி இல்லை, களத்தில் மஞ்சள்தான். ஆனால் மஞ்சள்களுக்குள் அவர் முதலில், அடிக்கடி மறுபடி பார்க்கப்பட வேண்டியவர். நஞ்சுக்கொடி பிரிந்து உள்ளே ரத்தம் கசிந்தாலும் தாயின் நாடி சில நேரம் நன்றாகவே இருக்கும். இதைக் குறிப்பில் எழுதியிருக்கும் மேசைக்கு முழு மதிப்பெண்.

அட்டை 5 வைக்கப்பட்டது, கட்டளை என்றால் காதுக்குத்தான் என்று நினைக்கும் நம் பழக்கத்தைச் சோதிக்க. மொழி தெரியாத வடமாநிலத் தொழிலாளருக்கும் இதே நிலைதான் வரும். அட்டை 6இல், தொடக்கத்திலேயே அழுத்திக் கட்டியதா, கட்டு போதாதபோது டூர்னிகெட் நினைவுக்கு வந்ததா, கட்டிய நேரத்தை எழுதினீர்களா என்று கேளுங்கள். நிறம் ஒருமுறை கட்டினால் முடிந்தது என்று நினைத்த மேசைகள் இங்கே அகப்படும்.

வேனில் போன ஒன்பது பேரைப் பெரும்பாலோர் பொருட்படுத்த மாட்டார்கள், "பச்சைதானே" என்பார்கள். அவர்கள் சிவப்புகளுக்கு முன்பே போய் அவசரப் பிரிவுப் படுக்கைகளை நிரப்பிவிடுவார்கள். ஆம்புலன்ஸ் ஒழுங்கில் இருப்பவர் உடனே தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும்: ஒன்பது பச்சை வருகிறது, வெளியே நிறுத்துங்கள், வாசலிலேயே மறுபடி பிரித்துப் பாருங்கள். நடந்து போனவர்களில் ஒருவருக்கு மண்ணீரல் கிழிந்திருக்கலாம்.

இரண்டு வண்டி, நான்கு சிவப்பு. ஓட்டுநரைத் தீயணைப்பு வீரர்கள் வெட்டி எடுக்கும்வரை அவருக்கு வண்டி ஒதுக்குவது வீண். 3, 6, 7 மூவரில் இருவரைத் தேர்ந்து, காரணம் சொல்லட்டும். டூர்னிகெட் போட்டு ரத்தம் நின்றிருந்தால் 6 சற்றுக் காத்திருக்கலாம் என்ற வாதம் எடுபடும், நிற்கவில்லை என்றால் எடுபடாது. எந்த வண்டி அருகிலுள்ள திண்டிவனத்துக்கு, எது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே வாசலுக்கு அனுப்பியவர்கள் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அனுப்பினார்களா? கணவரின் பிடிக்கு இணங்கி 4ஐ ஏற்றிய மேசை எதுவென்று பார்வையாளரிடம் கேட்டு, அந்த மேசையிடம் கணவரிடம் பேசும் காட்சியை மறுபடி நடத்தச் சொல்லுங்கள்.

குறிப்பெடுத்தவர்களின் தாள்களை வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை எண், நிறம், நேரம், எந்த வண்டி, எந்த மருத்துவமனை என்ற ஐந்தும் இருந்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பெண்.